முதலில் இலக்கம், பிறகே கணக்கு



ஆறே வரிகள் கொண்ட ஒரு பட்டியலை முன்னால் வைத்துக்கொண்டு பேசப்போகிறேன். ஒரு பொருட்கிடங்கின் இருப்புக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளைகள் பல நாடுகளில் இருக்கின்றன. ஒவ்வொரு கிளையும் தன் பங்கை மின்னஞ்சலில் அனுப்புகிறது. தலைமை அலுவலகத்தில் ஒருவர் அவற்றை நகலெடுத்து ஒரே கோப்பில் ஒட்டுகிறார். இடப்பக்கம் பொருளின் குறி, வலப்பக்கம் எண்ணிக்கை.

```
A-101 : 40
A-102 : ２５
A-103 : 1２
A-104 : ٣٠
A-105 : ۴۵
A-106 : 18
```

இதைக் கூட்டினால் 170 வரவேண்டும். முதல் வரியில் 40, இரண்டாவதில் 25, மூன்றாவதில் 12, நான்காவதில் 30, ஐந்தாவதில் 45, ஆறாவதில் 18. ஆனால் பெரும்பாலானவர்கள் எழுதும் ஒரு சின்ன நிரலிடம் இதைக் கொடுத்துப் பாருங்கள். கோலனுக்குப் பின்னால் `[0-9]+` என்ற வடிவத்தைத் தேடு, கிடைத்ததைக் கூட்டு, கிடைக்காவிட்டால் அடுத்த வரிக்குப் போ. அது 59 என்று விடை சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது.

59 எப்படி வந்தது? முதல் வரியின் 40 கிடைத்தது, கடைசி வரியின் 18 கிடைத்தது. இரண்டாம், நான்காம், ஐந்தாம் வரிகளில் நிரலின் கண்ணுக்கு எண்ணே தெரியவில்லை, தாண்டிப் போய்விட்டது. மூன்றாம் வரிதான் இருப்பதிலேயே மோசம். அங்கே 12 என்பதன் முதல் இலக்கம் மட்டும் சாதாரண 1. அடுத்தது வேறு வகை 2. நிரல் 1ஐ எடுத்துக்கொண்டு நின்றுவிட்டது. வரி விடுபட்டிருந்தால் வரிகளை எண்ணிப் பார்க்கும்போதாவது பிடிபடும். 12 என்பது 1 ஆகிவிட்டால் எண்ணிக்கைச் சோதனையிலும் அது தப்பிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் `parseInt` இதையே செய்கிறது. முன்னால் இருக்கும் சாதாரண இலக்கங்களை எடுத்துக்கொண்டு, புரியாத எழுத்து வந்ததும் நின்று, அதுவரை எடுத்ததை விடையாகத் தருகிறது.

விரிதாளில் ஒட்டினாலும் ஆபத்து உண்டு. விரிதாள் எண்ணாக ஏற்றுக்கொள்ளாத கட்டம் எழுத்தாக நின்றுவிடும். எழுத்தாக நிற்கும் கட்டத்தை `SUM` கூட்டாது. கூட்டவில்லை என்று சொல்லவும் சொல்லாது. ஒரே அடையாளம், எண்கள் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்துகள் இடது ஓரத்தில் நிற்கும். ஆயிரம் வரிகளில் அதை யார் கவனிக்கிறார்கள்?

இந்த 59ஐ 170 ஆக்குவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு முழுவதும். படிப்படியாகப் போவோம். வழியில் இரண்டு இடங்களில் தவறான விடைகளில் நிற்போம். அந்த இரண்டு இடங்களிலும்தான் பலர் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

முதலில் இந்த வேற்று இலக்கங்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்ப்போம்.

இரண்டாம் வரியில் இருப்பவை முழு அகல இலக்கங்கள். இவை ஜப்பானிய, சீன, கொரியக் கணினி மரபில் பிறந்தவை. ஜப்பானில் 1978இல் வந்த ஒரு தரநிர்ணயம், இன்று ஜே.ஐ.எஸ். எக்ஸ் 0208 என்று அழைக்கப்படுவது, கஞ்சி எழுத்துகளுக்கு இரண்டு பைட்டுக் குறியீடுகளைக் கொடுத்தது. அந்த அட்டவணையிலேயே 0 முதல் 9 வரை இலக்கங்களும் இருந்தன. ஒரு கஞ்சி எழுத்து எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடத்தை இவையும் பிடித்தன. ஏற்கெனவே ஒரு பைட்டில் இருந்த சாதாரண இலக்கங்களும் பக்கத்திலேயே தொடர்ந்தன. ஆக ஒரே 2க்கு இரண்டு குறியீடுகள். யூனிகோடு வந்தபோது பழைய கோப்புகள் எதுவும் இழப்பில்லாமல் போய்வர வேண்டும் என்பதற்காக இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொண்டது. சாதாரண இலக்கங்கள் U+0030 முதல் U+0039 வரை. முழு அகல இலக்கங்கள் U+FF10 முதல் U+FF19 வரை.

ஜப்பானிய மொழியில் தட்டச்சு செய்துகொண்டிருப்பவர் உள்ளீட்டு முறையை மாற்றாமலே எண்ணை அடித்தால் முழு அகல இலக்கம் விழலாம். பாதியில் முறையை மாற்றினால் நம்முடைய மூன்றாம் வரி போல ஒரே எண்ணுக்குள் இரண்டு வகையும் கலந்துவிடும். அடித்தவர் பிழை எதுவும் செய்யவில்லை. அவர் திரையில் 12 என்றுதான் தெரிந்தது.

நான்காம் வரியில் இருப்பவை எகிப்து, சவூதி அரேபியா, இராக் போன்ற நாடுகளில் புழங்கும் இலக்கங்கள். யூனிகோடு இவற்றை அரபு-இந்திய இலக்கங்கள் என்று வகைப்படுத்துகிறது. U+0660 முதல் U+0669 வரை. சவூதி வண்டிகளின் எண் பலகையில் இவையும் நம் வழக்கமான இலக்கங்களும் ஒன்றாக இருப்பதை அங்கே வேலை பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அரபு மொழி பேசும் எல்லா நாடுகளிலும் இவைதான் என்று எண்ணிவிடக் கூடாது. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா ஆகிய நாடுகளில் 0, 1, 2 என்ற வடிவங்களே வழக்கம். ஆகவே அனுப்பியவரின் மொழியை வைத்து இலக்கத்தின் வகையை ஊகிக்க முடியாது.

ஐந்தாம் வரியில் இருப்பவை பாரசீகத்திலும் உருதுவிலும் புழங்குபவை. ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்திலிருந்து வரும். இவை U+06F0 முதல் U+06F9 வரை. இந்த வரிசையை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள், சற்று நேரத்தில் இதனிடம் திரும்புவோம்.

இப்போது முதல் திருத்தம். இந்தத் துறையில் கொஞ்சம் பழகியவர்கள் உடனே ஒரு பெயரைச் சொல்வார்கள்: `NFKC`. யூனிகோடு வரையறுத்திருக்கும் ஓர் ஒழுங்குபடுத்தல் முறை அது. பழைய தரநிர்ணயங்களுக்காக மட்டும் வைத்திருக்கும் மாற்று வடிவங்களை அவற்றின் மூல வடிவத்துக்குக் கொண்டுவரும். முழு அகல ２ சாதாரண 2 ஆகும். ஒரே கட்டளைதான். அதைச் செய்துவிட்டு நம் பட்டியலைக் கூட்டுங்கள். 40, 25, 12, 18. கூட்டுத்தொகை 95.

இதுதான் முதல் தவறான நிறுத்தம். அரபு வரியும் பாரசீக வரியும் அப்படியே கிடக்கின்றன. ஏன்? முழு அகல 2 என்பது சாதாரண 2இன் இன்னொரு அச்சு வடிவம் என்பது யூனிகோடின் பார்வை. அரபு-இந்திய ٢ அப்படியல்ல. அது ஓர் எழுத்துமுறைக்குச் சொந்தமான இலக்கம், தமிழின் ௨ போல. சொந்த உரிமையோடு இருக்கும் எழுத்தை இன்னொன்றின் மாற்று வடிவம் என்று கருதி மாற்ற `NFKC` முறைக்கு அனுமதி இல்லை. அது சரியான முடிவுதான். ஆனால் `NFKC` போட்டுவிட்டேன், இலக்கங்கள் எல்லாம் சரியாகிவிட்டன என்று நம்புகிறவருக்கு நான்காம், ஐந்தாம் வரிகள் தொலைந்துபோகின்றன.

அது ஒருபுறம் குறைவாகச் செய்கிறது, மறுபுறம் அளவுக்கு மீறிச் செய்கிறது. பத்தின் இருபடி என்பதை 10² என்று யாராவது எழுதியிருந்தால், மேலே நிற்கும் சின்ன 2ஐ `NFKC` கீழே இறக்கி வைத்துவிடும். விடை 102. 5½ என்று எழுதியிருந்தால் அரையைப் பிரித்து 1, சாய்கோடு, 2 என்று ஆக்கும். அது முன்னால் இருக்கும் 5ஓடு ஒட்டிக்கொள்ளும். கண்ணால் பார்த்தால் 51⁄2. ஐந்தரை கிலோ இருந்த இடத்தில் ஐம்பத்தொன்றின் பாதி நிற்கிறது. இவை இரண்டும் பிழைச் செய்தி இல்லாமல் நடப்பவை. எனவே இலக்கம் மாற்றும் வேலைக்கு இந்த முறையைக் கண்ணை மூடிக்கொண்டு கூப்பிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எழுத்துத் தேடலுக்கு அது நல்ல கருவி. எண்ணிக்கைப் பட்டியலுக்கு அல்ல.

இரண்டாவது திருத்தம். இன்னொருவர் வருகிறார். அரபு விசைப்பலகையில் பத்து இலக்கங்களையும் தட்டி ஓர் அட்டவணை போடுகிறார். இந்தப் பத்து வந்தால் இந்தப் பத்தாக மாற்று. நல்லது. கூட்டுங்கள். 95ஓடு 30 சேர்ந்து 125.

இது இரண்டாவது தவறான நிறுத்தம். முதலாவதைவிட இது ஆபத்தானது, ஏனென்றால் இங்கே கண் ஏமாற்றுகிறது. அரபு வரிசையையும் பாரசீக வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

```
٠ ١ ٢ ٣ ٤ ٥ ٦ ٧ ٨ ٩
۰ ۱ ۲ ۳ ۴ ۵ ۶ ۷ ۸ ۹
```

4, 5, 6 ஆகிய மூன்றில்தான் வடிவம் தெளிவாக வேறுபடுகிறது. மற்ற ஏழும் பெரும்பாலான எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இருபதும் இருபது தனித்தனி எழுத்துகள். ஈரானிலிருந்து வந்த ۱۲ இருக்கும், எகிப்திலிருந்து வந்த ١٢ இருக்கும். திரையில் இரண்டுக்கும் வேறுபாடே தெரியாது. ஒன்று மாறும், மற்றது மாறாது. பட்டியலைச் சரிபார்ப்பவர் இரண்டையும் பார்த்துவிட்டு, ஒன்றுதான் மாறியிருக்கிறது, நிரலில் ஏதோ கோளாறு என்று வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்பார். இந்த இடத்தில் கண்ணை நம்பாமல் குறியீட்டு எண்ணைக் கேட்க வேண்டும். பைத்தானில் `hex(ord(ch))` என்று கேட்டால் 0x661 என்றோ 0x6f1 என்றோ சொல்லிவிடும். சந்தேகம் வந்த வரியை எழுத்தெழுத்தாக அப்படி அச்சிட்டுப் பார்ப்பதுதான் முதல் வேலை.

சிலர், இவ்வளவு தொல்லை எதற்கு, பத்து வரிதானே, கையால் திருப்பி அடித்துவிடுகிறேன் என்பார்கள். வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அரபு வரிசையின் சுழி ஒரு புள்ளி. அதன் ஐந்து, நம் 0 போல உருண்டையாக இருக்கும். ٥٠ என்பது 50. வரிசை தெரியாதவர் அதைச் சுழியும் ஒரு புள்ளியும் என்றுதான் படிப்பார். இயந்திரம் இந்த இடத்தில் மனிதரைவிட நம்பகமானது, ஏனென்றால் அது வடிவத்தைப் பார்ப்பதே இல்லை.

சரி, மூன்றாவது திருத்தத்துக்கு வருவோம். ஒவ்வொரு வரிசைக்கும் அட்டவணை போட்டுக்கொண்டே போவதற்கு முடிவே இல்லை. தேவநாகரி, வங்கம், தாய், தமிழ் என்று அறுபதுக்கும் மேற்பட்ட இலக்க வரிசைகள் யூனிகோடில் இருக்கின்றன. யூனிகோடு இவை ஒவ்வொன்றையும் பற்றி ஒரு செய்தியைப் பதிந்து வைத்திருக்கிறது: இந்த எழுத்து பதின்ம முறையில் இடமதிப்போடு எழுதப்படும் இலக்கம், இதன் மதிப்பு இவ்வளவு. அந்தப் பதிவைக் கேட்டால் போதும்.

```python
import unicodedata

def plain_digits(s):
    out = []
    for ch in s:
        d = unicodedata.decimal(ch, None)
        out.append(ch if d is None else str(d))
    return "".join(out)
```

ஒவ்வோர் எழுத்தாக எடுக்கிறது. பதின்ம மதிப்பு உண்டா என்று கேட்கிறது. உண்டென்றால் அந்த மதிப்பைச் சாதாரண இலக்கமாக வைக்கிறது. இல்லையென்றால் எழுத்தை அப்படியே விட்டுவிடுகிறது. மேலே நிற்கும் ² இதில் சிக்காது, ஏனென்றால் அது இடமதிப்போடு எழுதப்படும் இலக்கம் அல்ல என்று பதிவு சொல்கிறது. ½ சிக்காது. வட்டத்துக்குள் இருக்கும் ① சிக்காது. சிக்கவேண்டியவை மட்டும் சிக்குகின்றன. நம் பட்டியலை இதன் வழியாக அனுப்பிக் கூட்டினால் 170.

பைத்தான் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பது வழக்கம். `int("٣٠")` என்று கொடுத்தாலே 30 வருகிறதே, `int("1２")` என்றாலும் 12 வருகிறதே, பிறகு எதற்கு இந்தச் சுற்று? உண்மைதான், வருகிறது. இதற்கு இரண்டு பதில்கள்.

முதல் பதில், பட்டியலில் இருப்பவை எல்லாம் எண்ணிக்கைகள் அல்ல. தொலைபேசி எண், பொருளின் குறி, அஞ்சல் குறியீடு, வங்கிக் கணக்கு எண் ஆகியவை இலக்கங்களால் எழுதப்படுகின்றன, ஆனால் யாரும் அவற்றைக் கூட்டுவதில்லை. ０９０ என்று தொடங்கும் ஒரு ஜப்பானியக் கைபேசி எண்ணை `int` வழியாக அனுப்பினால் முன்னால் இருக்கும் சுழி உதிர்ந்துவிடும். 90 என்று தொடங்கும் எண் யாருடையதும் அல்ல. இலக்கத்தை இலக்கமாக மாற்றுவது ஒரு வேலை, எண்ணாகப் படிப்பது வேறு வேலை. முதல் வேலை எழுத்தெழுத்தாக நடக்க வேண்டும், நீளம் மாறாமல், சுழிகள் உதிராமல்.

இரண்டாவது பதில், அந்தப் பட்டியல் பைத்தானோடு நின்றுவிடப் போவதில்லை. மொழிக்கு மொழி இதில் நடத்தை வேறு. பைத்தானில் `\d` என்ற குறி அரபு இலக்கத்தையும் ஏற்கும். ஜாவாஸ்கிரிப்டில் அதே `\d` 0 முதல் 9 வரை மட்டுமே ஏற்கும். டாட்நெட்டில் `\d` அரபு இலக்கத்தை ஏற்கும், ஆனால் அங்கே எண்ணாக மாற்றும் `int.Parse` ஏற்காது. இது என்ன விளைவைத் தரும் என்று யோசித்துப் பாருங்கள். வாசலில் சோதனை செய்யும் வரி, சரியான எண்தான் என்று உள்ளே விடுகிறது. உள்ளே போனபின் அதே எண் உடைகிறது. அல்லது, பைத்தானில் எழுதிய பகுதி ٣٠ என்பதை 30 என்று கூட்டிவிட்டு, மூல எழுத்தை அப்படியே தரவுத்தளத்தில் சேமிக்கிறது. அடுத்த நாள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய இன்னொரு பகுதி அதைப் படித்து, எண்ணே இல்லை என்கிறது. A-102 என்பதும் A-１０２ என்பதும் இரண்டு வெவ்வேறு பொருள்களாகப் பதிவாகின்றன. இரட்டிப்பை நீக்கச் சொன்னால் இரண்டும் தங்கிவிடுகின்றன. ஆகவேதான் வேறு எந்த வேலைக்கும் முன்னால், ஒட்டிய உடனேயே, ஒரே இடத்தில் மாற்றிவிட வேண்டும் என்கிறேன். பிறகு வருகிற ஒவ்வொரு நிரலும் 0 முதல் 9 வரை மட்டும் தெரிந்திருந்தால் போதும்.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதுகிறவர்கள் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். அழகான வழிதான், ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும்.

```js
s.replace(/[\uFF10-\uFF19\u0660-\u0669\u06F0-\u06F9]/g,
          c => c.charCodeAt(0) & 15)
```

முழு அகலச் சுழி FF10. அரபுச் சுழி 0660. பாரசீகச் சுழி 06F0. பதினாறடிமான முறையில் மூன்றும் 0 என்று முடிகின்றன. எனவே குறியீட்டின் கடைசி இலக்கமே அந்த எழுத்தின் மதிப்பு. மேலே உள்ள வரி அதைத்தான் எடுக்கிறது. இந்த மூன்று வரிசைகளுக்கும் இது பிழையில்லாமல் வேலை செய்யும்.

ஆனால் யாராவது நல்ல எண்ணத்தோடு தமிழ் இலக்கங்களையும் இதில் சேர்த்தால் கதை கெட்டுவிடும். தமிழின் சுழி U+0BE6 என்ற இடத்தில் இருக்கிறது. 6 என்று முடிகிறது. ஆகவே ௧ என்ற ஒன்று, 0BE7 ஆனதால், 7 ஆகிவிடும். ௪ என்ற நான்கு 10 ஆகி, ஓர் இலக்கம் இருந்த இடத்தில் இரண்டு இலக்கங்கள் வந்து உட்காரும். தேவநாகரிக்கும் வங்கத்துக்கும் இதே கதி, அவற்றின் சுழிகளும் 6இல்தான் முடிகின்றன. குறுக்குவழி மூன்று வரிசைகளுக்கு உண்மையாக இருந்ததால் எல்லாவற்றுக்கும் உண்மை என்று ஆகிவிடாது. வரிசையை நீட்டுவதானால் ஒவ்வொன்றின் சுழியையும் கழித்து மதிப்பைக் காண வேண்டும்.

தமிழ் இலக்கத்தைப் பேச எடுத்ததால் இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பதின்ம மதிப்பைக் கேட்கும் நம் முறைக்கே ஓர் எல்லை உண்டு, அதைத் தமிழே நன்றாகக் காட்டுகிறது. பழைய முறையில் தமிழுக்கு இடமதிப்பு எழுத்து கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள். இருநூற்று ஐந்தை ௨௱௫ என்று எழுதுவார்கள். இடமதிப்போடு எழுதுவதற்குத் தேவையான தமிழ்ச் சுழி யூனிகோடில் 2005ஆம் ஆண்டில்தான், 4.1 பதிப்பில், சேர்ந்தது.

இப்போது ௨௱௫ நம் நிரலுக்குள் வருகிறது. ௨ என்பது 2 ஆகும். ௫ என்பது 5 ஆகும். ௱ என்ற குறிக்குப் பதின்ம மதிப்பு இல்லை, அது அப்படியே நிற்கும். விடை `2௱5`. இங்கே நிரல் எழுதுகிறவர் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பலர், இலக்கம் அல்லாததையெல்லாம் நீக்கிவிடு என்று ஒரு வரி எழுதுவார்கள். நீக்கினால் 25. இருநூற்று ஐந்து இருபத்தைந்தாகிவிட்டது. ஆகவே நான் வலியுறுத்துவது இது: தெரியாத எழுத்தை ஒருபோதும் தூக்கி எறியாதீர்கள். அந்த வரியை நிறுத்தி வையுங்கள், மனிதரிடம் காட்டுங்கள். கஞ்சியில் எழுதிய 二十五 போன்ற எண்களுக்கும் இதே விதிதான். அவை எழுத்துகள், இலக்கங்கள் அல்ல. அவற்றைப் படிப்பதற்குத் தனி நிரல் வேண்டும்.

அந்த நிறுத்தி வைக்கும் வேலையைச் செய்யும் பகுதி இது.

```python
import re

def quantity(s):
    t = plain_digits(s).strip()
    if not re.fullmatch(r"[0-9]+", t):
        raise ValueError(ascii(s))
    return int(t)
```

இதில் இரண்டு சின்ன விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, சோதனையில் `\d` போடவில்லை, `[0-9]` போட்டிருக்கிறேன். மாற்றத்துக்குப் பின் சாதாரண இலக்கத்தைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் சோதனை. பைத்தானில் `\d` போட்டால் அந்தச் சோதனைக்கே பொருள் இல்லாமல் போய்விடும். இரண்டு, பிழையைக் காட்டும்போது `ascii` வழியாகக் காட்டுகிறேன். காரணம், அரபு, பாரசீக உரைகளோடு கண்ணுக்குத் தெரியாத திசைக் குறிகள் ஒட்டிக்கொண்டு வரும். U+200F அவற்றில் ஒன்று. அது வெற்றிடம் அல்ல என்பதால் `strip` அதை எடுக்காது. வரி நிறுத்தப்படும். பார்ப்பவருக்கோ திரையில் குறையே தெரியாது. `ascii` மட்டும் `\u200f` என்று எழுதிக் காட்டிவிடும். அந்தக் குறிகளைத் தெரிந்தே, பெயர் சொல்லி நீக்குவது சரி. பொத்தாம்பொதுவாக எல்லாவற்றையும் நீக்குவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

திசை என்றதும் ஒரு சந்தேகம் எழும். அரபு வலமிருந்து இடமாக எழுதப்படுகிறதே, இலக்கங்களைத் திருப்பிப் போட வேண்டாமா? வேண்டாம். சொற்கள் வலமிருந்து இடமாகப் போனாலும் எண்ணுக்குள் இலக்கங்கள் நம்மைப் போலவே இடமிருந்து வலமாகத்தான் நிற்கின்றன. கோப்பிலும் பெரிய இடமதிப்புதான் முதலில் சேமிக்கப்படுகிறது. ٣٠ என்பதில் முதலில் இருப்பது மூன்று, அடுத்தது சுழி. எழுத்தெழுத்தாக மாற்றினால் 30 சரியாக வரும். திருப்பினால் 03.

இலக்கத்தோடு கூடவே வரும் இன்னொரு கூட்டம் இருக்கிறது, பிரிப்புக் குறிகள். இலக்கங்களைச் சரியாக மாற்றிவிட்டு இவற்றில் கோட்டை விடுவது அடிக்கடி நடக்கிறது. அரபு எழுத்தில் தசமப் புள்ளிக்குப் பதில் ٫ என்ற குறி, U+066B. ஆயிரத்தைப் பிரிக்க ٬ என்ற குறி, U+066C. இரண்டும் சின்னக் காற்புள்ளி போலத்தான் தெரியும். ١٢٫٥ என்பது 12.5. ١٬٢٥٠ என்பது 1250. இரண்டு குறிகளையும் ஒன்றாகக் கருதி நீக்கிவிட்டால் பன்னிரண்டரை நூற்றிருபத்தைந்தாகும், அதாவது பத்து மடங்கு. முதல் குறியைப் புள்ளியாக்க வேண்டும், இரண்டாவதை நீக்க வேண்டும். அதையும் எண்ணிக்கை இருக்கும் பத்தியில் மட்டும் செய்ய வேண்டும். மேலே காட்டிய `quantity` முழு எண்களுக்கு மட்டுமே, தசமம் வரும் பத்திக்குச் சோதனையும் புள்ளியை ஏற்க வேண்டும்.

முழு அகலக் காற்புள்ளி ， இன்னும் சிக்கலானது. １，２５０ என்று ஒரு வரி வந்தால் அது ஆயிரத்து இருநூற்றைம்பதா, அல்லது ஒன்று, இருநூற்றைம்பது என்ற இரண்டு உறுப்புகளா? எழுத்தைப் பார்த்து மட்டும் இதற்கு விடை சொல்ல இயலாது. பட்டியல் எந்த அமைப்பில் வந்தது என்று அனுப்பியவரிடம் கேட்க வேண்டும். ஆகவே இலக்க மாற்றமும் குறி மாற்றமும் ஒரே பையில் கட்டக் கூடிய வேலைகள் அல்ல. இலக்கத்தை எல்லாப் பத்தியிலும் ஒரே விதியால் மாற்றலாம். குறிகளைப் பத்திக்குப் பத்தி முடிவு செய்ய வேண்டும். பொருளின் குறியில் முழு அகல Ａ－１０２ என்று வந்தால் இலக்கம் மட்டும் மாறிப் பயனில்லை, எழுத்தும் கோடும்கூட மாற வேண்டும். அந்தப் பத்திக்கு, அதில் இருபடியோ பின்னமோ வராது என்று தெரிந்திருப்பதால், `NFKC` பொருத்தமான கருவி.

இப்போது வரிசையைத் தொகுத்துச் சொல்கிறேன். ஒட்டிய பட்டியலை முதலில் அப்படியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதில் யாரும் கை வைக்கக் கூடாது. அடுத்து இலக்கங்களை மாற்றுங்கள். அடுத்து, வரிகளையும் பத்திகளையும் பிரித்து, தெரிந்த திசைக் குறிகளை நீக்கி, பிரிப்புக் குறிகளைப் பத்தி வாரியாகச் சரிசெய்யுங்கள். அதன் பிறகே எண்ணிக்கைப் பத்தியில் `[0-9]` சோதனையை நடத்துங்கள். சோதனையில் நின்ற வரிகளைத் தனியே எடுத்து மனிதரிடம் கொடுங்கள். மீதியை மட்டும் வரிசைப்படுத்துங்கள், இரட்டிப்பை நீக்குங்கள், கூட்டுங்கள். வந்த வரிகளின் எண்ணிக்கையும், ஏற்ற வரிகளும் நிறுத்திய வரிகளும் சேர்ந்த எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும். எத்தனை எழுத்துகள் மாறின என்பதையும் ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். ஒரு கிளையிலிருந்து வழக்கமாக நூற்றுக்கணக்கில் மாறும் எழுத்துகள் ஒரு மாதம் ஒன்றும் மாறாமல் வந்தால், அங்கே ஏதோ அமைப்பு மாறியிருக்கிறது என்று அந்தப் பதிவேடே சொல்லிவிடும்.

எங்கே மாற்றக் கூடாது என்பதையும் சொல்லி முடிக்கிறேன். மேலே சொன்னவை யாவும் கணக்குக்கும் தேடலுக்கும் ஒப்பிடலுக்கும் போகும் பத்திகளுக்கு. ஒரு நூலின் உரை, ஒருவர் எழுதிய கடிதம், ஒரு நிறுவனம் தன் பெயரில் பதிந்திருக்கும் இலக்கம் ஆகியவற்றில் அந்த மொழியின் இலக்கம் அந்த எழுத்தின் பகுதி. அதை மாற்றுவது திருத்தம் ஆகாது. கணக்கு முடிந்து அறிக்கையை எகிப்துக்கோ ஈரானுக்கோ திருப்பி அனுப்பும்போது அவர்கள் இலக்கத்திலேயே அச்சிட்டு அனுப்புங்கள். அதுவே மரியாதையும்கூட. உள்ளே கணக்குக்கு ஒரே வகை இலக்கம், வெளியே வாசகருக்கு அவரவர் இலக்கம் என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் இரண்டிலும் பிழை வராது.

நாளைக் காலை உங்கள் அலுவலகத்தில் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் நம்பியிருக்கும் நிரலிடமோ விரிதாளிடமோ நான் முதலில் காட்டிய ஆறு வரிகளையும் ஒட்டிக் கூட்டச் சொல்லுங்கள். 59 வந்தால் நிரலுக்குச் சாதாரண இலக்கம் மட்டுமே தெரிகிறது. 95 வந்தால் முழு அகலத்தோடு நின்றுவிட்டது. 125 வந்தால் பாரசீக வரிசை விடுபட்டிருக்கிறது. 170 வந்தால் ஏழாவது வரியாக ௨௱௫ சேர்த்துப் பாருங்கள். அதை 25 என்றோ 2 என்றோ எடுத்துக்கொண்டு கூட்டாமல், இந்த வரி எனக்குப் புரியவில்லை என்று சொல்லி நின்றால், அந்த நிரலிடம் பட்டியலைக் கொடுக்கலாம்.